ரூபாயை யாரும் குறைக்கவில்லை

"அரசு மறுபடியும் ரூபாய் மதிப்பைக் குறைத்துவிட்டது, துபாய்ப் பணத்துக்கு இனி கூடுதல் ரூபாய்!" - மேலப்பாளையம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி.

கூடுதல் ரூபாய் கிடைப்பது சரி, சொல்லும் காரணம் தப்பு. மதிப்புக் குறைப்பு என்றால், நிலையாக வைத்த விகிதத்தை அரசே ஆணையிட்டு மாற்றுவது. 1966 ஜூன் 6 அன்று அப்படித்தான் ஒரே அறிவிப்பில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனது. 1993 முதல் ரூபாயின் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கி டாலரை வாங்கி விற்று ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். எனவே அறிவிப்பே இல்லாமல் நாள்தோறும் பைசா பைசாவாக இறங்கும் இது மதிப்புச் சரிவு, ஏறினால் மதிப்பேற்றம்.

திர்ஹாம் வேறு ரகம். ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைத்தது. அதை அமீரகம் 3.50 ஆக மாற்றினால்தான் அதற்குப் பெயர் மதிப்பு உயர்த்தல்.