தொடருக்குப் பொருள் தேடும்போது பன்னிரண்டு கட்டம் போடுங்கள்

கவிதைத் தொடரோ கட்டுரைத் தொடரோ எழுத நினைக்கிற பலர், முதலில் பொருளை முடிவு செய்துவிட்டு அப்புறம் ஊரைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 'கடல்' என்று தீர்மானித்துக்கொண்டு கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் கடல் மட்டும்தான் கண்ணில் படும். ஒரு வருடம் எதையும் தீர்மானிக்காமல் குறிப்பெடுத்து, அதற்குப் பிறகு பொருளைத் தேட வேண்டும். அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதைக் கடலூரில் 2024 சித்திரை முதல் 2025 பங்குனி வரை நான் எழுதிய குறிப்பேட்டை வைத்தே சொல்கிறேன்.

குறிப்பு என்றால் இரண்டு மூன்று வரி போதும். எந்த இடம், எந்த நேரம், யார் என்ன செய்தார். சோகம், அழகு, ஏக்கம் போன்ற சொற்களைச் சேர்ப்பதில்லை. அவை அன்றைய என் மனநிலையைச் சொல்லுமே தவிர, பார்த்ததைச் சொல்லாது.

வருடம் முடிந்ததும் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டேன். ஒரு பொருளை நினைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் குறிப்பு எந்த மாதத்தில் வந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. மீன்பிடித் தடைக்காலத்தை முதலில் எடுத்தேன். துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதும் வலை சரிசெய்வதுமாக நல்ல குறிப்புகள் இருந்தன. ஆனால் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்தான். புள்ளிகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்தன. அது ஒரு நல்ல கட்டுரைக்கு ஆகும், தொடருக்கு ஆகாது.

அடுத்தது புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அந்த ஒரு வாரத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பக்கம் கூடக் கூட இதுதான் பொருள் என்று மனசு அடித்துச் சொல்லும். கட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதுவும் ஒரே மாதம்.

கடலுக்கு எல்லாக் கட்டத்திலும் புள்ளி விழுந்தது. ஆனால் குறிப்புகளை அடுத்தடுத்து படித்தால் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன: கடல் இருக்கிறது. மனிதர் என்ன செய்கிறார் என்பது அதில் இல்லை. இங்கே நம் பழைய இலக்கணம் உதவுகிறது. ஐங்குறுநூற்றில் 'சிறுவெண்காக்கைப் பத்து' என்று ஒரு பகுதி உண்டு. தலைப்பு ஒரு கடற்பறவை, ஆனால் பத்துப் பாட்டையும் தாங்குவது தலைவியின் வருத்தம். பறவை கருப்பொருள், வருத்தம் உரிப்பொருள். நம் குறிப்பேடுகளில் கருப்பொருள் நிரம்பிக் கிடக்கும். தொடருக்கு வேண்டியது உரிப்பொருள், அதாவது மனிதர் திரும்பத் திரும்பச் செய்வது அல்லது படுவது.

அதனால் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். சித்திரையில் ஒரு குறிப்பு: "மஞ்சக்குப்பம், பகல் ஒன்றரை. தர்பூசணி வண்டிக்காரர், சுவர் நிழல் நகர நகர, வண்டியையும் முழம் முழமாகத் தள்ளுகிறார்." இந்த மாதிரி நிறைய. லாரிக்கு அடியில் படுத்திருப்பவர், கவிழ்த்த படகின் ஓரம் சாப்பிடுபவர். சரி, நிழல்தான் பொருள் என்று புள்ளி வைத்தால் ஐப்பசியும் கார்த்திகையும் வெற்றாக நின்றன.

வெற்றுக் கட்டத்தைக் கண்டதும் பொருளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்த மாதத்தில் அதே ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஐப்பசிக் குறிப்பு இது: "திருப்பாதிரிப்புலியூர், பூட்டிய கடையின் தகரச் சாய்ப்பு. மழைக்கு எட்டுப் பேர், ஒரு ஆடு. ஆட்டை யாரும் விரட்டவில்லை." நிழல் என்பதை ஒதுங்குதல் என்று மாற்றியதும் கோடையும் மழையும் ஒன்றாகச் சேர்ந்தன. புயல் வாரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கியவர்களும் உள்ளே வந்தார்கள்.

மார்கழியும் தையும்தான் கடைசிச் சோதனை. அப்போது யாரும் ஒதுங்குவதில்லை. மொட்டை மாடியில் இளவெயில் காய்கிறார்கள். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் தென்பெண்ணை மணலில் குடும்பம் குடும்பமாக வெட்டவெளியில் உட்காருகிறார்கள். பொருளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் குறிப்புகள் இவை. இவற்றை ஒளித்தால் தொடர் ஒரே சுருதியில் போய்விடும். அதனால் தொடரின் பத்துப் பாட்டில் இரண்டை இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன், ஏழாவதும் எட்டாவதும். மழைக்காலப் பாட்டுகள் நான்கை அடுக்கியபின் வெயிலைத் தேடி வெளியே வரும் ஆட்கள் வரவேண்டும், அதற்காகத்தான் அந்த இடம். கடைசி இரண்டும் மாசி, பங்குனிக் குறிப்புகளிலிருந்து. அவற்றைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.