கணக்கு கஷ்டம் என்று சொன்ன அம்மாவுக்கு

வீட்டுப்பாடம் கஷ்டம் என்று ஒரு அம்மா வந்து சொன்னால், "நல்லா பழக்குங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் தோட்டப் பாடசாலைகளில் சகஜம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கொப்பியைப் பார்க்க வேண்டும்.

பகல் கொழுந்து நிறுத்த கையோடு என்னிடம் வந்தார் தரம் 4 பிள்ளை ஒருத்தியின் அம்மா. "டீச்சர், ராத்திரி புள்ள அழுவுறா. எனக்கும் சொல்லிக் குடுக்கத் தெரியல. கணக்கைக் கொஞ்சம் கொறைங்க" என்றார்.

கொப்பியைத் திறந்தோம். 568 − 234 சரி, 685 − 243 சரி. ஆனால் 502 − 178 க்கு 476 என்றும், 400 − 136 க்கு 336 என்றும் எழுதியிருந்தாள். இது கவனக்குறைவு இல்லை. 2 இலிருந்து 8 போகாது என்பதால் 8 இலிருந்து 2 ஐக் கழித்திருக்கிறாள். மற்ற இடங்களிலும் அதேதான். "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று சின்ன வகுப்பில் பழகியதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். கடன் வாங்கும் கணக்கு மட்டும்தான் பிழையாகிறது. அதிலும் நடுவில் பூச்சியம் வந்தால் யாரிடம் கடன் வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இடப்பெறுமானம் பிடிபடாத பிள்ளைக்கு இதே மாதிரி பத்துக் கணக்குக் கொடுத்தால், பிழையைத்தான் பத்துத் தரம் பழகுவாள்.

அதனால் அம்மாவிடம் சொன்னேன்: "இன்னைக்கு ராத்திரி 502 − 178 மட்டும் போதும்மா. காசு வச்சுச் செய்யுங்க. அஞ்சு நூறு ரூபா நோட்டு, ரெண்டு ஒரு ரூபா குத்தி. நோட்டு இல்லாட்டி கடதாசித் துண்டுல எழுதிக்கங்க. இதுல 178 ரூபா எடுத்துக் குடுன்னு கேளுங்க. சில்லறை பத்தாதுன்னு அவளே சொல்லுவா. ஒரு நூறை மாத்தி பத்துப் பத்து ரூபா குடுங்க. அதுல ஒரு பத்தை மாத்தி பத்து ஒரு ரூபா குடுங்க."

இப்போது கையில் நாலு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. அதிலிருந்து எட்டு ஒன்று, ஏழு பத்து, ஒரு நூறு எடுத்தால் மிச்சம் 324. நடுவில் இருந்த பூச்சியம் ஏன் 9 ஆனது என்பதைக் கரும்பலகையில் நான் எத்தனை தரம் சொன்னாலும், பிள்ளை தன் கையால் காசு மாற்றினால்தான் விளங்கும்.

விடை சரியா என்று பார்க்க அம்மாவுக்குக் கழித்தல் தெரிய வேண்டியதில்லை. விடையோடு 178 ஐக் கூட்டினால் 502 வர வேண்டும். 476 ஐக் கூட்டினால் 654 வரும். இருந்த காசை விடக் கூடிவிட்டதே என்று பிள்ளையே கண்டுபிடிப்பாள்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். அண்ணன்மார் விடையை எழுதிக் கொடுக்க வேண்டாம். இருபது நிமிடத்தில் முடியாவிட்டால் அப்படியே மூடி வைக்கட்டும். பிழையாக எழுதிய கணக்கை அழிக்கவும் வேண்டாம், எனக்கு அதுதான் தேவை. எல்லாம் சரியாக வந்த கொப்பியில் பிள்ளை எங்கே தடுக்கினாள் என்று எனக்குத் தெரியாது.

400 − 136 ஐயும் காசு வைத்தே செய்யட்டும். காசில்லாமல் எழுதுவது அதற்குப் பிறகுதான்.