பாதம் தொங்கினால் பக்கவாதமா?

“காலையில் எழுந்ததும் பாதத்தைத் தூக்க வரலையா? பக்கவாதம்தான்! உடனே விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுங்க!” என்கிறது ஒரு ஃபார்வர்ட்.

பாதம் மட்டும் தொங்கினால் பெரும்பாலும் காரணம் முழங்காலருகே இருக்கும். அங்கே வெளிப்பக்கம் தட்டுப்படும் முண்டுதான் ஃபிபுலா எலும்பின் தலை. அதற்குக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே பெரோனியல் நரம்பு போகிறது. காக்கத் தசை மெத்தை இல்லை.

பெரம்பூரில் நாள் முழுக்கக் குத்தவைத்து டைல்ஸ் பதித்த தெரிந்தவருக்கு அங்கேதான் நசுங்கியது. பாதத்தைத் தூக்கும் தசைகள் செயலிழந்து, செருப்பு நுனி தரையில் தேய்ந்தது. பாதத்தை உள்பக்கம் திருப்ப முடிந்தது, அது பெரும்பாலும் வேறு நரம்பின் வேலை. முகம், கை சரியாகவே இருந்தன. நரம்பியல் பிரிவில் செய்த நரம்புக் கடத்தல் சோதனை, அதாவது நரம்பில் மின்சைகை எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனை, நசுங்கிய இடத்தைக் காட்டிவிட்டது.

விரலில் ஊசி குத்துவது இதற்கும் உதவாது, பக்கவாதத்துக்கும் உதவாது. முகம் கோணினால், கை தளர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. இந்த ஃபார்வர்டை உங்களோடு நிறுத்திவிடுங்கள்.