தேயும் என்று தெரிந்தே ஒட்டி மூடும் பேட்டரி

வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத வயர்லெஸ் இயர்பட் ஒன்று, முழுதாக சார்ஜ் ஏறிய பிறகும் அரைமணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. ஒலி மங்கவில்லை, மைக் கெடவில்லை, ப்ளூடூத் இணைப்பும் சரியாகவே இருக்கிறது. வலுவிழந்தது உள்ளே இருக்கும் பொத்தான் அளவு பேட்டரி மட்டும்தான். அதை மாற்றித் தரும்படி தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டேன். மாற்ற முடியாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டால், பேட்டரி தேய்ந்து தீரும் பொருள் என்பதால் அது உத்தரவாதத்தில் அடங்காதாம்.

என் கோபமெல்லாம் அந்த ஒரு பதிலின் மீதுதான். பேட்டரி தேய்ந்து தீரும் பொருள் என்பது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால், அதை மாற்ற முடியாதபடி பசை போட்டு மூடியது எந்த நியாயத்தில்? உத்தரவாதத்திலிருந்து தப்பிக்கும்போது அது தேயும் பொருள்; சாதனத்தை வடிவமைக்கும்போது மட்டும் அது சாகாத பொருளா?

லித்தியம் அயனி பேட்டரி தேய்வதில் மர்மம் ஏதுமில்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் மின்முனையின் மீது படியும் படலம் சிறிது தடிக்கிறது; அதில் சிக்கிய லித்தியம் மறுபடி பயன்படுவதில்லை. பொதுவாகச் சுமார் 500 முழுச் சுழற்சிகளில் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகக் குறையும். கைபேசிக்குள் இருக்கும் பெரிய பேட்டரிக்கு ஒரு நாள் முழுவதும் தாங்கும் வலு உண்டு. இயர்பட்டுக்குள் இருப்பதோ பெரும்பாலும் 50 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றிய கொள்ளளவுதான். நாளுக்கு ஒருமுறை அது காலியானாலும் ஒன்றரை ஆண்டுக்குள் அந்த 500 தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, பயன்படுத்தாத நேரமெல்லாம் பெட்டிக்குள் முழுச் சார்ஜில் வைத்திருப்பதும் முதுமையை விரைவுபடுத்துகிறது. இந்தக் கணக்கு அதை வடிவமைத்த பொறியாளருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பழுதான அந்த இயர்பட்டின் விளிம்பில் மெல்லிய கத்தியைச் செருகித் திறந்து பார்த்தேன். மூடி பிரியவில்லை, பிளந்தது. உள்ளே கெட்டியாக உறைந்த பசை. அதன் நடுவே பேட்டரி. அதன் இரு முனைகளிலும் பற்றவைக்கப்பட்ட உலோகத் தகடுகள். அவற்றோடு ஒட்டியபடி, நகம் பட்டாலே கிழியும் மெல்லிய மின்பட்டை. இதை உடைக்காமல் பிரிக்கவே முடியாது.

சாதனம் சிறியது, வியர்வை உள்ளே புகுந்துவிடும், ஆகவே ஒட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். செவித்திறன் குறைந்தோர் அணியும் கருவிகளைப் பாருங்கள். அவையும் சிறியவைதான், அதே காதோடு, அதே வியர்வையில், இயர்பட்டைவிட நீண்ட நேரம் இருப்பவை. அவற்றில் நகத்தாலேயே திறக்கக்கூடிய சின்னக் கதவு பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. பேட்டரியும் அளவு எண் சொன்னால் கிடைக்கிறது. இயர்பட்டிலேயே இது முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2024-இல் ஃபேர்ஃபோன் நிறுவனம் வெளியிட்ட ஃபேர்பட்ஸில் இரு காதுப் பகுதிகளின் பேட்டரியையும் பெட்டியின் பேட்டரியையும் பயனரே மாற்றலாம். ஆக, முடியாததாலல்ல, விரும்பாததால்தான் மற்றவர்கள் செய்யவில்லை.

இப்படித் தூக்கி எறியப்படுபவை எங்கே போகின்றன? பேட்டரியைத் தனியே எடுக்க முடியாத சாதனத்தை மறுசுழற்சி செய்பவர் கையால் பிரித்தால் கிடைக்கும் உலோகத்தைவிடக் கூலிதான் அதிகமாகும். அப்படியே அரைவை இயந்திரத்தில் போட்டால் நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். ஐ.நா. அமைப்புகளின் உலக மின்கழிவு அறிக்கை, 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானதாகவும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருப்பதாகவும் கூறுகிறது. பிரிக்க முடியாதபடி செய்து விற்றவருக்கு இதில் பொறுப்பே இல்லையா?

நான் கேட்பது தானமன்று. திருகாணியும் ரப்பர் வளையமும் கொண்ட மூடி, நியாயமான விலையில் மாற்று பேட்டரி, எத்தனை சுழற்சிகள் தாங்கும் என்று பெட்டியின் மேல் அச்சிட்ட எண். இவை மூன்றும் விற்பவரின் கடமை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம் இதில் பாதியையாவது கட்டாயமாக்குகிறது: 2027 பிப்ரவரி 18 முதல் அங்கு விற்கப்படும் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், ஒரு மாடலின் கடைசிச் சாதனம் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். முக்கியமாகத் தண்ணீர் படும் இடங்களில் இயங்குவதற்கென்றே வடிவமைத்த, கழுவத்தக்க சாதனங்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் சற்றுத் தளர்வு தருகிறது. வியர்வையைத் தாங்கும் என்ற ஒரே காரணத்தைக் காட்டி இயர்பட்டுகளையும் அந்தச் சந்தின் வழியே நுழைத்துவிடப் பார்ப்பார்கள்; அதற்கு எந்த அரசும் இடங்கொடுக்கக் கூடாது.