1.40 ஒட்ஸில் 400 ரூபாய் சும்மா வராது

“ஒட்ஸ் 1.40 எண்டால் வெற்றி நிச்சயம். ஆயிரம் போட்டால் நானூறு சும்மா கிடைக்கும்.” (வெள்ளவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது)

இது பிழை. ஒட்ஸ் என்பது பந்தயத்தில் வென்றால் போட்ட காசு எத்தனை மடங்காகத் திரும்பும் என்பதுதான். பிரேமதாச மைதானத்தில் ஒரு ஆட்டம், ஒரு அணிக்கு 1.40, எதிரணிக்கு 3.00 என்று வைப்போம். 1-ஐ ஒட்ஸால் வகுத்தால் அவை காட்டும் வெல்லும் வாய்ப்பு 71.4%, 33.3%. கூட்டினால் 104.7% வருகிறது. நூறுக்கு மேலே நிற்பதுதான் பந்தயம் நடத்துபவரின் பங்கு. அந்தப் பங்கை நீக்க 71.4-ஐ 104.7-ஆல் வகுத்தால், ஒட்ஸ்படி உண்மை வாய்ப்பு ஏறக்குறைய 68.2%.

இனி ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு:

0.682 × 400 − 0.318 × 1000 ≈ −45

அதாவது இப்படியான பந்தயம் ஒவ்வொன்றிலும் சராசரியாக 45 ரூபாய் நட்டம். ஒருமுறை வென்று கையில் நானூறு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வெல்லும் வாய்ப்பு 71.4%-ஐத் தாண்டினால் மட்டுமே இலாபம். அதை “நிச்சயம்” என்பவரிடம் எத்தனை சதவீதம், எப்படித் தெரியும் என்று கட்டாயம் கேளுங்கள்.