பொருந்தாத பாலிசி பூட்டுவதில்லை

அலுவலகக் கணக்குகளுக்குள் நுழையக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வைத்துவிட்டோம். யார், எங்கிருந்து, எந்தக் கருவியில் என்பதையும் பார்த்துத்தான் உள்ளே விடுகிறோம். இனிக் கவலையில்லை என்று சொல்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். உங்கள் பாலிசி யாரைத் தடுக்கிறது என்று சொல்ல வேண்டாம், யாரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் வராது. நானும் ஒரு காலத்தில் பதில் தெரியாமல் விழித்தவன்தான்.

நிறுவனக் கணக்குகளின் உள்நுழைவைக் கவனிக்கும் சேவையான மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில், யாருக்கு எப்போது என்ன சரிபார்ப்பு என்று சொல்லும் நிபந்தனை அணுகல் பாலிசி எழுதும்போது பலருக்கும் ஒரு தவறான படம் மனத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு காவலர் நிற்கிறார், நிபந்தனைக்கு உட்படாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது அந்தப் படம். நடப்பது நேர் எதிர். பயனர், இடம், கருவி என்று நீங்கள் குறித்த நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தினால்தான் அந்தப் பாலிசி விழித்துக்கொள்ளும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அது தூங்கிவிடும். வேறெந்தப் பாலிசியும் குறுக்கே வராவிட்டால், சரியான கடவுச்சொல் ஒன்றே போதும், கதவு திறந்துவிடும். நீங்கள் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு நிபந்தனையும் பாலிசியின் பிடியைக் குறுக்குகிறது. இறுக்குவதாக நினைத்துக்கொண்டு தளர்த்தும் வேலையை நாமே செய்கிறோம்.

நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் இருக்கும்போதும் கைப்பேசியை எடுத்து ஒப்புதல் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். அதனால் அலுவலகத்தின் பொது ஐபி முகவரியை நம்பகமான இடமாகப் பதிந்து, அந்த முகவரியிலிருந்து வருபவர்களுக்கு இரண்டாம் சரிபார்ப்பு வேண்டாமென்று விலக்களித்தோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நான்தான் அந்த விலக்கைப் போட்டேன்.

சில மாதங்கள் கழித்துக் கணக்குப் பிரிவில் ஒருவர், தனக்கு வரவேண்டிய விலைப்பட்டியல்கள் வருவதே இல்லை என்றார். அவருடைய அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தால், அவர் போடாத விதி ஒன்று இருந்தது. பணம் தொடர்பான அஞ்சல்களையெல்லாம், யாரும் திறந்து பார்க்காத RSS Feeds கோப்புறைக்குள் தள்ளிவிடும் விதி. உள்நுழைவுப் பதிவைப் புரட்டினேன். வெளிநாட்டு முகவரி ஏதாவது அகப்படும் என்று தேடினால் எல்லா வரியிலும் எங்கள் அலுவலக முகவரியே இருந்தது. ஆனால் ஒரு வரி நள்ளிரவில் விழுந்திருந்தது. நிபந்தனை அணுகல் என்ற இடத்தில் `Not applied`, அங்கீகாரத் தேவை என்ற இடத்தில் `Single-factor authentication`. எந்தப் பாலிசியும் விழிக்கவில்லை, கடவுச்சொல் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

வந்தவர் அலுவலகத்துக்குள் காலடியே வைக்கவில்லை. வெளியில் இருப்பவரை அலுவலக வலையமைப்போடு இணைக்கும் எங்கள் விபிஎன், அலுவலகத்தின் அதே ஃபயர்வால் வழியாக, அதே பொது முகவரியில்தான் இணையத்துக்கு வெளியே போனது. அந்த விபிஎன்னோ பழைய ஒன்று. வெறும் கடவுச்சொல்லுக்குத் திறந்துவிடும். ஒரே கடவுச்சொல்லை வைத்து முதலில் விபிஎன்னுக்குள் நுழைந்து, அங்கிருந்து அஞ்சலுக்குப் போயிருக்கிறார்கள். பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது: விருந்தினர் வைஃபையும் அதே முகவரியில்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் காத்திருக்கும் எவரும் எங்கள் கணக்கில் நம்பகமானவராக இருந்திருக்கிறார்.

அன்றிலிருந்து என் முடிவு இது: இடத்தை வைத்து ஒருவருக்குச் சலுகை தரக்கூடாது. நீங்கள் தொழிலே செய்யாத நாடுகளைத் தடுக்க இடத்தைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. குப்பை முயற்சிகள் குறையும். ஆனால் உங்கள் நாட்டு முகவரி ஒன்றை வாடகைக்கு எடுப்பது குறிவைத்து வருபவருக்குச் சிரமமே இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கருவி விஷயத்திலும் இதே பொறி காத்திருக்கிறது. விண்டோஸ், மேக், ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு என்ற நான்கையும் தேர்ந்தெடுத்து, இவற்றிலிருந்து வந்தால் நிர்வகிக்கப்பட்ட கருவியாக இருக்க வேண்டும் என்று பாலிசி எழுதுகிறார்கள். உலகமே அடங்கிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் இயங்குதளம் எது என்பதை என்ட்ரா தெரிந்துகொள்வது, உலாவி தன்னைப் பற்றி அனுப்பும் ஒரு வரியிலிருந்து. அந்த வரியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்:

```
Mozilla/5.0 (X11; Linux x86_64)
```

இப்படித் தொடங்கும் ஒரு வரியை அனுப்பினால் வந்திருப்பது லினக்ஸ். உங்கள் பட்டியலில் லினக்ஸ் இல்லை. பாலிசி தூங்கிவிட்டது. இதற்கு மருந்து, எல்லாத் தளங்களையும் சேர்த்துவிட்டு நீங்கள் ஆதரிப்பவற்றை மட்டும் விலக்கி, எஞ்சியதைத் தடை செய்யும் தனிப் பாலிசி ஒன்று. சொல்லிக்கொள்ளும் பெயரை நம்பாமல், கருவி உண்மையிலேயே பதிவாகி விதிகளுக்கு இணங்கியிருக்கிறதா என்று பார்க்கும் கட்டுப்பாட்டுக்குத்தான் மதிப்பு. இடையில் போலிப் பக்கம் ஒன்றை நிறுத்திக் கடவுச்சொல்லையும் ஒப்புதலையும் சேர்த்தே கறக்கும் தாக்குதல், இந்தக் கட்டுப்பாட்டின் முன் நின்றுவிடுகிறது. இடையில் இருக்கும் சர்வர் உங்கள் மடிக்கணினியாக நடிக்க முடியாது.

பொறுப்பு வாரியாக எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலிசியில் நிர்வாகப் பொறுப்புகளைத் தேர்ந்தெடுத்தால், உள்ளமைந்த பொறுப்புகளுக்கு மட்டுமே அது செல்லும். நீங்களே உருவாக்கிய தனிப் பொறுப்பும், நிறுவனத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் அளிக்கப்பட்ட பொறுப்பும் அதில் அடங்காது. அவர்களை ஒரு குழுவில் போட்டு, குழுவின் பெயரால் பிடியுங்கள்.

பிறகு நாங்கள் எழுதியது மிக எளிது. எல்லாப் பயனர்களுக்கும், எல்லாச் செயலிகளுக்கும், எந்த இடமானாலும் இரண்டாம் சரிபார்ப்பு. அவசரகாலக் கணக்குகள் இரண்டுக்கு மட்டும் விலக்கு. அவற்றின் பாதுகாப்புச் சாவிகள் பெட்டகத்தில். நிர்வாகிகளுக்குச் சாவி அல்லது பாஸ்கீ, அதோடு நிர்வகிக்கப்பட்ட கருவி. இங்கே 'அதோடு' என்ற சொல் முக்கியம். திரையில் எல்லாக் கட்டுப்பாடுகளும் தேவையா, ஏதேனும் ஒன்று போதுமா என்று கேட்கும். ஒன்று போதும் என்பதில் கை பட்டுவிட்டால் இரண்டு பூட்டும் இரண்டு கதவாகிவிடும்.

பழைய முணுமுணுப்பு திரும்பி வரும் என்று பயந்தேன். வரவில்லை. பதிவான விண்டோஸ் கணினியில் ஹலோ மூலம் முகமோ விரலோ காட்டி நுழைந்தாலே அது இரண்டாம் சரிபார்ப்பாகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கைப்பேசி தனியாக அடிப்பது அபூர்வம். முதலிலேயே இதைச் செய்திருந்தால் அந்த விலக்குக்கு வேலையே இருந்திருக்காது. தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்வது.

எதையும் நேரடியாக அமலுக்குக் கொண்டுவராதீர்கள். `Report-only` நிலையில் இரண்டு வாரமாவது விட்டு, யாரெல்லாம் சிக்கியிருப்பார்கள் என்று பாருங்கள். ஆனால் சிக்கியவர் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். நான் வாரம் ஒருமுறை உள்நுழைவுப் பதிவில் வெற்றி, `Single-factor authentication`, `Not applied` என்ற மூன்றையும் சேர்த்து வடிகட்டுகிறேன். இப்போது இருக்கும் இடத்தில் கடந்த வாரம் இரண்டு கணக்குகள் மிஞ்சின. ஒன்று, சந்திப்பறைத் திரைக்கு உரியது, காரணம் தெரியும். இன்னொன்று, ஆவணங்களை வருடி அஞ்சலில் அனுப்பும் பழைய கணக்கு. அதை விலக்குப் பட்டியலில் சேர்த்தது யார் என்று தேடினால், தணிக்கைப் பதிவு 30 நாளோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே யாரோ சேர்த்திருக்கிறார்கள். நாளை காலை அதன் விலக்கை எடுத்துவிடப் போகிறேன். யார் தொலைபேசியில் கத்துகிறார்களோ, அவர்தான் உரிமையாளர்.