நட்டநடுவில் ஓடும் நரம்பு

"படத்தின் இடது ஓரத்தில் வெட்டி வைத்திருக்கும் கிழங்கு மரவள்ளியா, பெருவள்ளியா?"

மரவள்ளிதான். வெட்டிய முகத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி தெரிகிறது, பாருங்கள். அது கிழங்கின் நீளம் முழுவதும் ஓடும் நார். பெருவள்ளியில் அது கிடையாது. தோலை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், இரண்டுக்கும் மரப்பட்டை நிறம். ஆனால் மரவள்ளியின் பழுப்புத் தோலுக்கு அடியில், தனியாக உரிந்து வரும் தடித்த பட்டை ஒன்று இருக்கும். இந்தப் படத்தில் அது இளஞ்சிவப்பாகவே தெரிகிறது.

பக்கத்துக் கூடையில் வளையம் வளையமாகத் தழும்பும் நாருமாக இருப்பவை சேப்பங்கிழங்கு. வெட்டினால் கையில் வழவழக்கும். மெல்லிய சிவந்த தோலுடன் இரு முனையும் கூம்பியிருப்பது சர்க்கரைவள்ளி. அதை வெட்டியதும் தோலோரம் பால் துளிர்க்கும்.

கடைசிப் படத்து மரவள்ளியில் கருநீலக் கோடுகள் ஓடுகின்றன. பிடுங்கிச் சில நாளான கிழங்கு அது, வாங்காதீர்கள்.